தடைக்கால நிவாரணம்: சங்கத்திலிருந்து மீன்துறைக்கு மனு போடுவது எப்படி?

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டச் சங்கங்கள் இதை மறந்துவிடக் கூடாது. திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி நகர் வரையுள்ள கடற்கரைக்கு முதல் கணக்கு, அங்கிருந்து நீரோடி வரைக்கும் இரண்டாவது கணக்கு. உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான் மனுவில் தேதி எழுத வேண்டும்.

இந்தக் காலத்துக்குத் தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு ரூ.8,000 தருகிறது. முன்பு ரூ.5,000. கூட்டித் தரும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் வந்தது. இது படகுக்கான பணம் அல்ல, குடும்பத்துக்கான பணம். விசைப்படகில் பங்குக்குப் போகிறவரும் கேட்கலாம், படகு முதலாளியும் கேட்கலாம்.

பணம் வராமல் போவதற்கு மனு சரியில்லாதது காரணமாக இருப்பது அபூர்வம். பட்டியல் சரியில்லாததுதான் காரணமாக இருக்கும். மனு ஒரு பக்கம் போதும். உழைப்பு முழுவதையும் பட்டியலில் போடுங்கள், அதுவும் பிப்ரவரியிலேயே.

படி 1: எந்தப் பணம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

மூன்று தொகைகளை ஊரில் ஒரே பேச்சாகப் பேசுவார்கள். தடைக்கால நிவாரணம் ரூ.8,000. மீன்பாடு குறைந்த காலத்துக்கான சிறப்பு நிவாரணம் தனி. சேமிப்பு நிவாரணத் திட்டம் இன்னொன்று. அதில் மீனவர் கட்டும் ரூ.1,500-உடன் மாநில அரசும் மத்திய அரசும் ஆளுக்கு அவ்வளவே போட்டு ரூ.4,500 ஆகத் திருப்பித் தரும். “எனக்குப் பணம் வரலை” என்று ஒருவர் சங்கத்துக்கு வந்தால், எந்தப் பணம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சேமிப்புத் தொகையைக் கட்டாதவர் தடைக்கால நிவாரணத்தைக் காட்டிச் சண்டை போடுவது ஆண்டுதோறும் நடப்பதுதான்.

மீனவர் நலவாரிய அட்டையும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண்ணும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிடுங்கள். பட்டியலில் எழுத வேண்டியது சங்க உறுப்பினர் எண்.

படி 2: ஆள் கணக்கைக் குடும்பக் கணக்காக மாற்றுங்கள்

உறுப்பினர் பதிவேட்டை அப்படியே நகல் எடுத்து அனுப்பாதீர்கள். அதில் ஆட்கள் இருப்பார்கள், உங்களுக்குத் தேவை குடும்பங்கள். குடும்பம் என்றால் இங்கே ஒரு ரேஷன் அட்டை.

ஒரு சங்கத்தில் 140 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் அட்டை எண் வாரியாக அடுக்கினால், அப்பாவும் மகனும் ஒரே அட்டை, அண்ணனும் தம்பியும் ஒரே அட்டை என்று 12 பேர் கூடுதலாக நிற்பார்கள். மீதி 128 குடும்பம். அதில் மூன்று அட்டைகளில் இருந்த உறுப்பினர்கள் கடலுக்குப் போவதை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இது முழுநேர மீன்பிடித் தொழிலாளர் குடும்பத்துக்கான நிவாரணம் என்பதால் அவர்களை எடுத்துவிட வேண்டும். நிற்பது 125. எட்டாயிரத்தால் பெருக்கினால் ரூ.10 லட்சம். மனுவில் இந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். 140 என்று எழுதினால் ஆய்வாளர் சரிபார்க்கும்போது 15 பெயர் விழும், மீதிப் பெயர்களையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் தனி அட்டை வாங்கியிருந்தால் அவர் தனிக் குடும்பம். வாங்கவில்லை என்றால் அப்பா அட்டையில்தான் கணக்கு. அட்டைக்கு மனுப் போட்டிருக்கிறார் என்பது பட்டியலுக்கு உதவாது, அட்டை எண் கைக்கு வந்திருக்க வேண்டும். உறுப்பினர் இறந்திருந்தால் அவர் பெயரிலேயே விட்டுவிடாதீர்கள். வாரிசு சங்கத்தில் சேர்ந்து, அட்டையிலும் பெயர் மாற்றிய பிறகு புதுப் பெயரைச் சேருங்கள்.

படி 3: வங்கி விவரம்

அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். பாஸ்புக்கின் முதல் பக்க நகலை வாங்குங்கள், வாயால் சொல்கிற எண்ணை எழுதாதீர்கள். பெயர் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில் ANTONY, இன்னொன்றில் ANTHONI என்று இருந்தால் பட்டியலில் பாஸ்புக்கில் உள்ளபடி எழுதிவிட்டு, திருத்தத்துக்கு அவரை வங்கிக்கு அனுப்புங்கள்.

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் வருவது எப்போதும் சுழியம், ஆங்கில ஓ எழுத்து அல்ல. பழைய பாஸ்புக்கில் SYNB, CORP, ANDB, ALLA என்று தொடங்கும் குறியீடு இருந்தால் அது செல்லாது. அந்த வங்கிகள் 2020-இல் வேறு வங்கிகளோடு இணைந்துவிட்டன. புதுக் குறியீட்டைக் கிளையில் கேட்டு வாங்க வேண்டும்.

கணினியில் ஏற்றும்போது எக்செல் செய்கிற வேலையைக் கவனியுங்கள். அது 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். முன்னால் சுழியம் வரும் எண்ணில் அந்தச் சுழியத்தைத் தின்றுவிடும். கட்டத்தில் 4.56E+15 போல ஏதாவது தெரிந்தால் அந்தப் பத்தி முழுவதையும் சந்தேகப்படுங்கள். எண்களைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Format Cells-இல் Text என்று மாற்றிவிடுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

நெடுநாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கிலும் சிக்கல் வரலாம். தடை தொடங்கும் முன் நூறு ரூபாயாவது போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: மனு

நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, அதன் எண்ணையும் தேதியையும் மனுவில் குறிப்பிடுங்கள். குழுவின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் சங்கம் இருந்தால் அவர் கையெழுத்து வேண்டும். பழைய தலைவர் கையெழுத்துப் போட்ட மனு திரும்பி வரும். மாதிரி இது:

> பெறுநர்: மீன்துறை உதவி இயக்குநர் அவர்கள்
> வழி: மீன்துறை ஆய்வாளர் அவர்கள்
>
> பொருள்: தடைக்கால நிவாரணம் – சங்க உறுப்பினர் குடும்பப் பட்டியல் அனுப்புதல் – தொடர்பாக.
>
> எங்கள் சங்கத்தைச் சேர்ந்த 125 மீனவர் குடும்பங்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வருமானமின்றி இருப்பதால், குடும்பத்துக்கு ரூ.8,000 வீதம் நிவாரணம் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ரேஷன் அட்டை எண், வங்கி விவரத்துடன் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. சென்ற ஆண்டு விடுபட்ட குடும்பங்கள் தனித்தாளில் காரணத்துடன் உள்ளன.

கடைசி வரி முக்கியம். விடுபட்டவர்களைப் பெரிய பட்டியலுக்குள் கலந்துவிட்டால் அவர்கள் யார் கண்ணிலும் படமாட்டார்கள். மனுவை இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்ட ஒப்புகை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

படி 5: சிலருக்கு மட்டும் வரவில்லை என்றால்

“வரலை” என்று எழுதிக் கொடுத்தால் பதில் கிடைக்காது. இரண்டில் எது நடந்தது என்று கேளுங்கள்: பெயர் பட்டியலிலேயே இல்லையா, அல்லது பணம் அனுப்பி வங்கியிலிருந்து திரும்பியதா? முதலாவது என்றால் ரேஷன் அட்டையிலோ சரிபார்ப்பிலோ சிக்கல், அதற்கு ஆய்வாளரைப் பார்க்க வேண்டும். திரும்பியது என்றால் திரும்பிய காரணத்தோடு பெயர்களைக் கேட்டு வாங்கி, வங்கி விவரத்தை மட்டும் திருத்திக் கொடுங்கள். முழுப் பட்டியலையும் மறுபடி கொடுத்தால் ஏற்கெனவே வாங்கியவர் பெயரும் கலந்து வேலை இன்னும் தள்ளிப்போகும்.

அப்போதும் பதில் வராவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் ஒப்புகைப் பிரதியோடு கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் தரவில்லை” என்று அதில் கேட்காதீர்கள், அதற்கு வழவழவென்றுதான் பதில் வரும். “இந்த அட்டை எண்ணுக்குரிய தொகை எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, திரும்பியிருந்தால் பதிவான காரணம் என்ன” என்று பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள்.