ஏ, த தடுமாற்றம் எனக்குக் குறைந்த விதம்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ஏ, த இரண்டையும் நாம் விழுங்கிவிடுவோம். ஏதோ ஒன்றா, தெரிந்த ஒன்றா என்று காட்டுவதே அவற்றின் வேலை. தமிழில் அந்த வேலையின் ஒரு பங்கை 'ஐ' உருபு பார்த்துக்கொள்கிறது. 'பேனா கேட்டான்' என்றால் ஏதோ ஒன்று: ஏ பென். 'பேனாவைக் கேட்டான்' என்றால் நமக்குத் தெரிந்த பேனா: த பென். இதைப் பிடித்தபின் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஆனால் இது அஃறிணைக்குத்தான். 'டாக்டரைப் பார்த்தேன்' என்பதில் ஐ எப்படியும் வந்துவிடும். எழுவாயிலோ உருபே கிடையாது. அங்கெல்லாம், கேட்பவர் 'எது?' என்று திருப்பிக் கேட்பாரா என்று பார்ப்பேன். கேட்க மாட்டார் என்றால் த.

சரி, இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'குடை வாங்கினேன்', 'குடையைத் தொலைத்தேன்', 'மழை நின்றுவிட்டது', 'தண்ணீர் குடித்தேன்'. விடை: ஆன் (அம்ப்ரெல்லா உயிரொலியில் தொடங்குவதால்), த, த, கடைசியில் எதுவுமில்லை, தண்ணீரை ஒன்று, இரண்டு என எண்ண முடியாதே!