சம்பள முன்பணத்துக்குத் தனி நிதி

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் சிறு பட்டறை. மாதச் சம்பளம் 2 லட்சம். திடீர் மருத்துவச் செலவு என்று ஒருவர் வந்து நின்றால், மூலப்பொருள் வாங்க வைத்திருந்த பணத்தில்தான் பலரும் கை வைக்கிறார்கள். அதற்குப் பதில், ஆண்டுத் தொடக்கத்திலேயே 60,000 ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.

இதைச் செலவாக எழுதாதீர்கள். இது திரும்பி வரவேண்டிய பணம். செலவில் எழுதினால், பிடித்தம் செய்யும் தொகை பிறகு வருமானம்போலத் தோன்றிக் கணக்கைக் குழப்பும்.

18,000 சம்பளம் வாங்குபவருக்கு ஜூலையில் 12,000 கொடுத்தால், ஆகஸ்ட் முதல் மாதம் 2,000 வீதம் ஆறு தவணை. ஜனவரியில் முடிந்துவிடும். கொடுக்கும் அன்றே இந்த ஆறு வரவுகளையும் பட்ஜெட்டில் அந்தந்த மாதத்தில் எழுதி, தவணைத் தாளில் அவருடைய கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். வேலையை விட்டுப் போனால் மீதியை இறுதிக் கணக்கில் கழிக்கலாம் என்ற வரியும் அதில் இருக்கட்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால் தவணை எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பதே நல்லது. அதற்கு மேல் போனால், பழைய கடனை அடைக்கவே அவர் மறுபடி முன்பணம் கேட்பார்.

மாதக் கடைசியில் கணக்கிலுள்ள இருப்பையும், தவணைத் தாளின்படி இன்னும் வரவேண்டிய பாக்கியையும் கூட்டிப் பாருங்கள். 60,000 வராவிட்டால், ஏதோ ஒரு தவணை பிடிக்கப்படவில்லை, அல்லது பணம் வேறு எதற்கோ போயிருக்கிறது.