எந்தப் பாடத்தை மொழிபெயர்ப்பது?

ஒரே வரி சுவடிக்குச் சுவடி வேறு பாடமாக, அதாவது வேறு சொற்களோடு, இருப்பதைக் காட்டும் பாடபேதக் குறிப்பைப் பார்த்ததும் எந்தப் பாடத்தின் பக்கம் அதிகச் சுவடிகள் என்று எண்ண ஆரம்பிக்காதீர்கள். ஒரே மூலத்திலிருந்து நூறு பிரதி எடுத்தாலும் அது ஒரே சாட்சிதான். முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பாடத்திலிருந்து மற்றது பிறந்திருக்கும் என்பதே.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் மாற்கு 1:2-ஐ எடுத்துக்கொள்வோம். பிற்காலச் சுவடிகளில் பெரும்பாலானவை "தீர்க்கதரிசிகளில் எழுதியிருக்கிறபடி" என்கின்றன. நான்காம் நூற்றாண்டுச் சுவடிகளான சினாய்ட்டிக்கஸும் வத்திக்கானஸும் "ஏசாயா தீர்க்கதரிசியில்" என்கின்றன. சரி, அடுத்து வரும் மேற்கோளைப் பாருங்கள். அதன் முதல் பகுதி மல்கியாவை ஒட்டியது, பிற்பகுதிதான் ஏசாயா. பெயர் பொருந்தவில்லையே என்று எழுத்தர் ஒருவர் அதைப் பொதுவாக மாற்றியிருப்பார். சரியாக இருந்த பன்மையை அழித்து, சிக்கலான ஒரு பெயரை யாரும் வலியப் போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே நான் "ஏசாயா" என்றே மொழிபெயர்ப்பேன்.

ஆனால் கடினமான பாடமே மூலம் என்ற இந்த விதி, கைதவறிய இடத்தில் உதவாது. 1 தெசலோனிக்கேயர் 2:7-இல் "நேப்பியோய்" என்றால் குழந்தைகள், "ஏப்பியோய்" என்றால் மென்மையானவர்கள். வித்தியாசம் ஒரே எழுத்து. அதற்கு முந்தைய சொல்லும் அதே நகர மெய்யில்தான் முடிகிறது; சொற்களுக்கு நடுவே இடம்விடாமல் எழுதிய காலத்தில் அது இரட்டித்திருக்கலாம், விழுந்தும் போயிருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றை மொழிபெயர்த்துவிட்டு, மற்றதை அடிக்குறிப்பில் கட்டாயம் கொடுங்கள்.