பக்கக் கதையைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

திருகோணமலையை வைத்து நாங்கள் செய்யும் ரோல் பிளேயிங் கேமில் முதலில் ஒரு பக்கக் கதை, அதாவது சைட் குவெஸ்ட் வைத்திருந்தோம்: 'கடற்கரையில் 10 வலைத்துண்டு பொறுக்கி வா, 50 காசு தருகிறேன்.' விளையாடிப் பார்த்த தம்பியிடம் மறுநாள் கேட்டேன். "பத்து வலை எடுத்தனான் அண்ணா" என்றான். வலையைக் கேட்ட ஆள் யாரென்று அவனுக்கு நினைவில்லை. அது வெறும் எடுபிடி வேலையாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

அப்புறம் முடிவிலிருந்து தொடங்கினோம். இது முடிந்தபின் ஊரில் என்ன மாறும்? பிரதான கதையில் நாயகன் இரவில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர் போக வேண்டும். சரி, அந்தப் படகு யாருடையது என்பதையே சைட் குவெஸ்ட் ஆக்கினோம். இப்போது பத்துத் துண்டு இல்லை, கரையொதுங்கிய ஒரே ஒரு முழு வலை. கேட்பவர் ஒரு கிழவர். ஆனால் வலையின் மிதவையில் இன்னொரு குடும்பத்தின் குறி செதுக்கியிருக்கிறது. யாரிடம் கொடுக்கிறீர்களோ, அவர்களின் படகுதான் அந்த இரவில் வரும். மற்றவர் சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நிரலில் இதற்கு `valai_yaaridam` என்ற ஒரு மாறி போதும். அதைப் பிறகு இரண்டு இடங்களில் சரிபார்க்கிறோம்.

எல்லாவற்றையும் இப்படிச் செய்யப் போனால் வசனம் எழுதியே களைத்துவிடுவீர்கள். சிறிய கேமுக்கு மூன்று நான்கு போதும். மீதியில், நீக்கினாலும் வேறெங்கும் ஒரு வரிகூட மாறாதவற்றைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.