நள்ளிரவுப் பூசைக்கு முதன்முதலாகப் போகும் சிறுமி: கதை எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்

டிசம்பர் வந்தால் இந்தக் கதையை யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார்கள். இந்து வீட்டுப் பெண், பதிமூன்று வயது இருக்கலாம். கூடப் படிக்கும் தோழி கிறிஸ்துமஸ் ராத்திரி கோயிலுக்குக் கூப்பிடுகிறாள், இவள் போகிறாள். நல்ல விதைதான், ஆனால் பெரும்பாலும் ஒரே மாதிரியான இடங்களில் கெட்டுப்போகிறது. காரணம் என்று பார்த்தால், எழுதுகிறவருக்குத் தெரியவேண்டியது அவருக்குத் தெரியாமல் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்குத் தெரியக்கூடாதது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

முதலில் எந்தச் சபை என்று முடிவு செய்யாமலே எழுத ஆரம்பித்துவிடுவது. "பாஸ்டர் பூசை வைக்க, சனங்கள் வெள்ளை அங்கி போட்ட ஐயர் முன்னால் மண்டியிட்டார்கள்" என்று ஒரு வாக்கியம் எழுதினால் அதற்குள் மூன்று சபைகள் வந்துவிடுகின்றன. பாஸ்டர் பெந்தெகொஸ்தே பக்கம், ஐயர் சி.எஸ்.ஐ. பக்கம், பூசை கத்தோலிக்கர் பக்கம். அந்த வழக்கத்திலேயே வளர்ந்த வாசகர் அங்கேயே கதையை மூடிவிடுவார். நள்ளிரவு என்பதும் எல்லாச் சபைக்கும் ஒன்றல்ல. நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயங்களில் கிறிஸ்துமஸ் ஆராதனை பெரும்பாலும் 25-ஆம் தேதி விடிவதற்கு முன்னால் நடக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக் கூட்டம் என்றால் அங்கே டிசம்பர் 31 தான் நினைவுக்கு வரும். ஆக 24-ஆம் தேதி ராத்திரி என்று எழுதினால் கத்தோலிக்கப் பங்கை, அதாவது ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த சனங்களையும், எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதையே எடுத்துக்கொள்வோம்: தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைப் பங்கு, தோழி ஜெனிட்டா, போகிறவள் சங்கரி.

அப்புறம், சங்கரி எப்படி வந்தாள்? இதைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். பாட்டெல்லாம் பதினொன்று, பதினொன்றரைக்கு ஆரம்பித்தால் பூசை முடிந்து வெளியே வர ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும். அந்த நேரத்தில் பதிமூன்று வயதுப் பெண்ணை வெளியே விடுவதற்கு ஒரு வீடு எத்தனை கேள்வி கேட்கும்! யார் கொண்டுபோய் விடுவது, படுக்கை எங்கே, காலையில் யார் கூப்பிட வருவது? அது மார்கழி மாதம் வேறு, விடியற்காலையில் அம்மா வாசலில் கோலம் போட எழுந்திருப்பாள், கூட இவளும் நிற்கவேண்டும். அம்மா மறுப்பதாக இருந்தால் "அவங்க சாமி வேற, நம்ம சாமி வேற" என்று வசனம் பேசித்தான் மறுக்கவேண்டும் என்பதில்லை. "கோலத்துக்கு யாரு முழிப்பா?" என்று கேட்டாலே போதும், கதை அங்கே உயிரோடு இருக்கிறது.

அடுத்தது பெரிய தவறு. சங்கரி உள்ளே நுழைந்ததும் கதை இப்படிப் போகிறது: "பீடத்தில் குருவானவர் வானவர் கீதத்தைத் தொடங்கினார்." இதில் எது சங்கரிக்குத் தெரியும்? எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிவது வேறு. வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன, நம்ம கோயில் போலவே. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பெண்கள் முந்தானையை முக்காடு போட்டிருக்கிறார்கள், ஜெனிட்டா தன் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டு இவளையும் ஒரு பார்வை பார்க்கிறாள். குடிலில் மாடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, மாதாவும் சூசையப்பரும் இருக்கிறார்கள், நடுவில் வைக்கோல் மட்டும் காலி. "குழந்தையக் காணோமே?" என்று இவள் கேட்க, "வரும் பிள்ள, சும்மா இரு" என்கிறாள் ஜெனிட்டா.

அந்தக் காலி வைக்கோலை விட்டுவிடாதீர்கள். டிசம்பர் 24-க்கு முன்னால் நான்கு வாரம் கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலம், சாமியார் உடுப்பு ஊதா நிறம், பூசையில் பாடும் புகழ்ப்பாட்டான வானவர் கீதத்தை அந்த ஞாயிறுகளில் பாடுவதில்லை. அது அன்று ராத்திரிதான் திரும்பி வருகிறது. அப்போது மணியெல்லாம் ஒன்றாக அடிக்கும், விளக்குகளைக் குறைத்து வைத்திருக்கும் கோயில்களில் எல்லாம் சேர்ந்து எரியும், பல பங்குகளில் சாமியார் பாலன் இயேசு சுரூபத்தைக் கொண்டுவந்து குடிலில் வைப்பார், வெளியே வெடி வெடிக்கும். இதெல்லாம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் கதையில் வரவேண்டியது இவ்வளவுதான்: தூக்கத்தில் சாய்ந்துகொண்டிருந்த சங்கரி மணிச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து நிற்கிறாள், சுற்றி எல்லாரும் பாடுகிறார்கள், வைக்கோலில் இப்போது குழந்தை இருக்கிறது. ஏன் என்று விளக்காதீர்கள். வெளியே பனி கொட்டுவதாகவும் எழுதிவிடாதீர்கள். மார்கழி ராத்திரியில் கடற்காற்றும் ஈரமும் இருக்கும், அது போதும்.

நற்கருணை நேரத்தில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். சங்கரியும் வரிசையில் போகிறாள், சாமியார் புன்னகையோடு அவளுக்கும் அப்பம் கொடுக்கிறார், எல்லார் கண்ணிலும் தண்ணீர். இது நடக்காது. திருமுழுக்குப் பெற்று, புதுநன்மை என்கிற முதல் நற்கருணையை வாங்கிய கத்தோலிக்கர்தான் நற்கருணை வாங்குவார்கள். அவர்கள் பிள்ளைகளே புதுநன்மைக்கு மறைக்கல்வி வகுப்புக்குப் போய்த் தயாராகவேண்டும். தெரியாமல் வாங்கிவிட்டாள் என்று எழுதினால் எழுதலாம், ஆனால் ஜெனிட்டா வீட்டில் அதற்கு ஒரு பதற்றம் இருக்கும், அதையும் சேர்த்து எழுதவேண்டும். எனக்கென்னவோ, அவள் வாங்காமல் இருப்பதில்தான் கதை இருக்கிறது என்று படுகிறது. அவள் உட்கார்ந்திருக்கும் வரிசை மொத்தமும் எழுந்து போகிறது. "நீ இரி, வந்துருதேன்" என்று ஜெனிட்டாவும் போய்விடுகிறாள். கைக்குழந்தை, ஒரு பாட்டி, இவள், மூன்றே பேர் தரையில். போனவர்கள் கைகூப்பித் திரும்பி வந்து முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள், ஜெனிட்டாவும்தான். பக்கத்திலேயே இருக்கும் தோழியிடம் அந்த இரண்டு நிமிடம் பேச முடியவில்லை. இதில் யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, ஆனாலும் சங்கரிக்கு வலிக்கும்.

இந்த இடத்தில் உடனே ஆறுதல் கொடுத்துவிடவேண்டாம், ஏனென்றால் வழக்கமே அதைப் பிறகு கொடுக்கிறது. பூசை முடிந்ததும் குழந்தை சுரூபத்தை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, வரிசை நிற்கும் பங்குகள் நிறைய உண்டு. அதற்கு யாரும் போகலாம், நம்பிக்கையோடு வரும் இந்துக்களும் கடற்கரை ஊர்களில் வரிசையில் நிற்பார்கள். இப்போது ஜெனிட்டா சங்கரியின் கையைப் பிடித்து இழுக்கிறாள். ஒரு வரிசையில் இடமில்லை, இன்னொன்றில் இருக்கிறது: கதைக்கு வேண்டிய இரண்டு திருப்பத்தையும் அந்த ராத்திரியே வைத்திருக்கிறது, வெளியிலிருந்து ஒரு விபத்தோ அற்புதமோ கொண்டுவரத் தேவையில்லை. முத்தி செய்தாளா, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளா, இல்லை வேண்டாம் என்று பின்வாங்கினாளா என்பது நீங்கள் படைக்கும் சங்கரியைப் பொறுத்தது.

கடைசியில் அவளை மதம் மாறவைப்பதும் சரி, "எல்லாச் சாமியும் ஒன்றுதான்" என்று சொல்லவைப்பதும் சரி, பதிமூன்று வயது வாயில் நாற்பது வயதுப் பேச்சைத் திணிப்பதுதான். அந்த நேரத்தில் அவளுக்குப் பசிக்கும், கால் மரத்திருக்கும், ஜெனிட்டா வீட்டு அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் நினைவில் இருக்கும். அவள் கேட்க ஏதாவது கேள்வி இருந்தால் அதுவும் சின்னதாகவே இருக்கட்டும்: "நீ கண்ண மூடிட்டு என்ன சொன்ன?" ஜெனிட்டா பதில் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன்னால், அந்த மாதிரிப் பங்கில் வளர்ந்த ஒருவரிடம் படித்துக்காட்டுங்கள். முக்கியமாக மணி அடிக்கும் இடத்தையும் நற்கருணை வரிசையையும்.