படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டுப் பராமரிப்பு: மாதக் கணக்கு எங்கே தவறுகிறது?

“இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மருத்துவர் சொன்னதும், கட்டில் வாடகை, ஆக்சிஜன், ஆள் சம்பளம் மூன்றையும் விசாரித்துக் கூட்டிவிடுகிறோம். விலையைக் கேட்கிறோமே தவிர, ஒரு நாளைக்கு எவ்வளவு தீரும் என்று கேட்பதில்லை. கணக்கு உதைப்பது அங்கேதான்.

ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2 லிட்டர், நாள் முழுவதும் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. ‘பி’ வகைச் சிறிய சிலிண்டர் சுமார் 1,500 லிட்டர் கொள்ளும். மணிக்கு 120 லிட்டர் போனால் பன்னிரண்டரை மணி நேரத்தில் காலி. மாதத்துக்கு ஏறக்குறைய 58 சிலிண்டர் வேண்டும். நான்கைந்து போதும் என்று நினைத்தவர்கள் முதல் வாரத்திலேயே திணறிப்போவார்கள்.

அதனால் அறைக் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். சரிதான், ஆனால் வாடகையோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. 350 வாட் இயந்திரம் இடைவிடாமல் ஓடினால் நாளுக்கு 8.4 யூனிட், இரு மாதத்துக்கு 504. தமிழ்நாட்டில் மின்கணக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். வீட்டின் வழக்கமான 300 யூனிட்டோடு 504 சேர்த்து, 804 யூனிட்டுக்கு என்ன வரும் என்று பாருங்கள். பழைய கட்டணத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் இயந்திரத்தின் உண்மையான மின்செலவு. மின்வெட்டுக்கு ரெகுலேட்டரோடு ஒரு நிரம்பிய சிலிண்டரும் வீட்டில் இருந்தாக வேண்டும். சிக்கனம் பார்த்து ஆக்சிஜன் அளவை நாமே குறைப்பது மட்டும் கூடவே கூடாது.

கட்டிலில் அவ்வளவு சிக்கல் இல்லை. முன்பணம் திரும்பி வரும். ஏற்றி இறக்கும் கூலி வராது. காற்று மெத்தை வாடகையில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய தொகை நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குத்தான் போகும். நாளுக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 27,000. ‘24 மணி நேர ஆள்’ என்றால் 24 மணி நேரமும் விழித்திருப்பவர் என்று பொருளல்ல. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்றால், இரவில் வீட்டார் யாராவது எழ வேண்டும், இல்லையேல் இரவுக்குத் தனி ஆள் வேண்டும். பராமரிப்பு ஆளின் மூன்று வேளைச் சாப்பாட்டையும், அவர் ஊருக்குப் போகும் நாள்களில் வரும் மாற்று ஆளின் கூலியையும் தனி வரிகளாக எழுதுங்கள். சிறுநீர்க் குழாயையோ மூக்குவழி உணவுக் குழாயையோ மாற்றுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது ஆகியவை இவர் வேலை அல்ல. அதற்கு நர்ஸ் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் உண்டு.

டயப்பர் நாளுக்கு நான்கு என்றால் மாதம் 120, அதாவது பத்து கொண்ட பாக்கெட் 12. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு பாக்கெட் ஒன்றரை நாளில் தீரும். கையுறை, படுக்கை விரிப்பு, துடைப்புத் தாள் எல்லாம் சில்லறைச் செலவுபோலத் தெரிவதால் பட்டியலிலேயே ஏறுவதில்லை. முதல் பத்து நாள் மருந்துக்கடை ரசீதுகளை எடுத்துவைத்து மூன்றால் பெருக்குங்கள்; யாரிடம் விசாரித்தாலும் இவ்வளவு சரியான தொகை கிடைக்காது.