ரெண்டு லேப்ல ரெண்டு டிஎஸ்ஹெச் வந்தா எப்படி ஒப்பிட்டுப் பார்க்கறது?

தைராய்டு எங்க இருக்கு, என்ன பண்ணும்ங்கறதுக்கெல்லாம் இங்க போகப்போறதில்ல. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்: டிஎஸ்ஹெச்ங்கறது தைராய்டை வேலை வாங்கற ஹார்மோன், தைராய்டு மந்தமானா அது ஏறும், ஓவரா வேலை செஞ்சா இறங்கும். ரெண்டு ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு எதை நம்பறதுன்னு முழிக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்க பெரியம்மா ரிப்போர்ட்டையே எடுத்துக்கறேன். வயசு 82, தைராய்டு மாத்திரை எதுவும் சாப்பிடறதில்ல. முதல் ரிப்போர்ட்ல டிஎஸ்ஹெச் 6.2, நார்மல் 0.27 முதல் 4.20ன்னு போட்டு பக்கத்துல தடிச்ச எழுத்துல ‘ஹை’. கொஞ்ச நாள் கழிச்சு வேற லேப்ல எடுத்தா 3.6, அங்க நார்மல் 0.35 முதல் 4.94, எந்தக் குறியும் இல்ல. வீட்ல பாதிப் பேரு முதல் லேப் ஃபிராடுன்னாங்க, மீதிப் பேரு ரெண்டாவது லேப் ஃபிராடுன்னாங்க. ரெண்டு லேப்புமே ஒழுங்காத்தான் வேலை பார்த்திருக்காங்க.

முதல்ல யூனிட்

சீக்கிரம் முடிச்சிடலாம். ஒரு ரிப்போர்ட்ல மைக்ரோ யூனிட் பர் எம்எல், இன்னொண்ணுல மில்லி யூனிட் பர் லிட்டர்னு இருந்தா பயப்படாதீங்க, ரெண்டும் ஒரே நம்பர்தான். 6.2ன்னா ரெண்டுலயும் 6.2.

ரத்தம் எடுத்த நேரம்

ரிப்போர்ட் மேல மூணு நேரம் இருக்கும்: கலெக்டட், ரிசீவ்ட், ரிப்போர்ட்டட். நமக்கு வேணும்ங்கறது கலெக்டட் மட்டும். அதையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க, ஹோம் கலெக்ஷன்ல சில சமயம் புக்கிங் போட்ட நேரத்தையே அங்க அடிச்சிடறாங்க, அதனால ஊசி போட வந்தவர் எத்தனை மணிக்கு வந்தார்னு நீங்களே ரசீது மேல பேனாவால எழுதி வச்சிடுங்க.

நேரம் ஏன் முக்கியம்னா டிஎஸ்ஹெச் நாள் பூரா ஒரே அளவுல இருக்கறதில்ல. சாயங்காலத்துக்கு மேல ஏற ஆரம்பிச்சு, நடுராத்திரியில இருந்து விடியற்காலை வரைக்கும் உச்சத்துல இருக்கும், அப்புறம் இறங்கி மதியத்துல அடிமட்டத்துக்கு வரும். ஒரே ஆளுக்கு, எந்த வியாதியும் இல்லாம, காலை ஆறரைக்கும் மதியம் மூணுக்கும் நல்லாவே வித்தியாசம் தெரியும். சாப்பிட்ட பிறகு எடுத்தா வெறும் வயித்துல எடுத்ததை விட குறைச்சலா வரும்னும் ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. டிஎஸ்ஹெச்சுக்கு வெறும் வயிறு கட்டாயம்னு பொதுவா சொல்றதில்ல, ஆனா ரெண்டு ரிசல்ட்டை ஒப்பிடணும்னா ரெண்டும் ஒரே மாதிரி எடுத்திருக்கணும். போன தடவை இட்லிக்கு முன்னாடின்னா இந்தத் தடவையும் இட்லிக்கு முன்னாடி.

பெரியம்மாவுக்கு முதல் தடவை காலை ஆறே முக்காலுக்கு வெறும் வயித்துல எடுத்தாங்க. ரெண்டாவது தடவை மதியம் சாப்பிட்டுட்டு மூணு மணிக்குப் போனோம். ஆக ரெண்டாவது நம்பர் குறைய இங்கயே ஒரு காரணம் வந்தாச்சு.

இந்த எடத்துல யாரும் கவனிக்காத ஒண்ணு: ரிப்போர்ட்ல போட்டிருக்கற நார்மல் அளவுக்கு நேரம் தெரியாது. காலை ஆறுக்குக் குடுத்த ரத்தத்துக்கும் மதியம் மூணுக்குக் குடுத்ததுக்கும் அதே 4.20தான்.

மெத்தட்: நான் ரொம்ப நேரம் மாட்டிக்கிட்ட இடம்

டெஸ்ட் பேருக்குக் கீழ குட்டி எழுத்துல ‘ஈசிஎல்ஐஏ’, ‘சிஎல்ஐஏ’, ‘சிஎம்ஐஏ’ன்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். எல்லாத்துலயும் அடிப்படை ஒண்ணுதான். ஒரு ஆன்டிபாடி டிஎஸ்ஹெச்சை ஒரு பக்கம் பிடிச்சுக்கும், இன்னொரு ஆன்டிபாடி மறுபக்கம் ஒட்டி ஒளி விடும், எவ்வளவு ஒளியோ அவ்வளவு டிஎஸ்ஹெச். ஆனா நம்ம ரத்தத்துல இருக்கற டிஎஸ்ஹெச் எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது இல்ல, அது மேல ஒட்டியிருக்கற சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும், ஒவ்வொரு கம்பெனியோட ஆன்டிபாடியும் அந்த வகைகளை ஒவ்வொரு மாதிரி பிடிக்கும். அதனால ஒரே டியூப் ரத்தத்தை ரெண்டு மெஷின்ல போட்டாலும் ரெண்டு நம்பர் வரும்.

சரி, மெஷினுக்கு ஏத்த மாதிரி நார்மல் அளவும் மாறுதே, அப்ப கணக்கு சரியாயிடுமேன்னு நினைப்பீங்க. நானும் அதுலயேதான் நின்னேன், ஆனா சரியாகறதில்ல. 0.27 – 4.20ங்கறது ரோச் கம்பெனி அளவு, 0.35 – 4.94ங்கறது அபாட் கம்பெனி அளவு. பிரிட்டன்ல ஒரே ரத்த சாம்பிள்களை ரெண்டு மெஷின்லயும் ஓட்டி 2021ல வெளியிட்ட ஒப்பீட்டுல ரோச்ல வந்த டிஎஸ்ஹெச் அபாட்டை விட சராசரியா 40 சதவீதம் அதிகம். அதிகமா காட்டற மெஷினுக்கு மேல் எல்லையும் அதிகமாத்தானே இருக்கணும்? இங்க தலைகீழா இருக்கு, அதிகமா காட்டறதுக்கு 4.20, கம்மியா காட்டறதுக்கு 4.94. அதனால ஒரே ஆளு ஒரு லேப்ல ‘ஹை’, இன்னொரு லேப்ல நார்மல்.

இது எப்படி நடக்குதுன்னா, ஒவ்வொரு கம்பெனியும் தனக்குன்னு ஒரு ஆரோக்கியமான கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அவங்க அளவை வரிசையா அடுக்கி, கீழ இரண்டரை சதவீதத்தையும் மேல இரண்டரை சதவீதத்தையும் வெட்டிட்டு நடுவுல நிக்கறதை நார்மல்னு போடுது. கூட்டம் வேற, அதுல இருக்கறவங்க வயசு வேற, தைராய்டையே தாக்கற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கறவங்களை எவ்வளவு கறாரா வடிகட்டினாங்கங்கறதும் வேற. இன்னொரு விஷயம், இந்தக் கணக்குப்படியே நூறு ஆரோக்கியமான ஆட்கள்ல அஞ்சு பேருக்கு அளவு கோட்டுக்கு வெளியதான் விழும்.

என்ன மெஷின்னு ரிப்போர்ட்ல போடலைன்னா லேப் கவுன்டர்ல இல்லாம உள்ள இருக்கற டெக்னீஷியன்கிட்ட கேளுங்க, தயங்காம சொல்வாங்க. ஒரே லேப்புக்கே போறவங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை நார்மல் அளவைக் கவனிங்க. திடீர்னு அந்த எல்லை மாறியிருந்தா லேப்ல மெஷினை மாத்தியிருக்க வாய்ப்பு அதிகம், பழைய நம்பரோட நேரடியா ஒப்பிடக் கூடாது.

வயசு

அமெரிக்காவுல 1988 – 94ல நடந்த பெரிய தேசிய சர்வேயோட ரத்த அளவுகளை வயசு வாரியா பிரிச்சுப் பார்த்து 2007ல வெளியிட்டாங்க. தைராய்டு வியாதி இல்லாத 20 – 29 வயசுக்காரங்களுக்கு மேல் எல்லை 3.56, 80 தாண்டினவங்களுக்கு 7.49. ஆரோக்கியமான 80 வயசுக்காரங்களுக்கே இரண்டு மடங்குக்கு மேல! லேப் கம்ப்யூட்டர் பெரும்பாலும் இதைப் பார்க்கறதில்ல, 25 வயசுப் பொண்ணுக்கும் 82 வயசு பெரியம்மாவுக்கும் அதே 4.20ல கோடு போட்டு ‘ஹை’ன்னு அடிச்சிடும்.

இந்த வயசுக் கணக்கு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. ரொம்ப காலமா அயோடின் குறைவா இருந்த இடங்கள்ல வயசானவங்களுக்கு தைராய்டுல கட்டி வந்து அது தன்னிச்சையா ஹார்மோன் சுரக்கும், அங்க வயசாக ஆக டிஎஸ்ஹெச் இறங்கத்தான் செய்யும்.

அந்தப் பக்கக் கோடியில பச்சைக் குழந்தை. பிறந்த அரை மணி நேரத்துலயே டிஎஸ்ஹெச் 60, 70ன்னு எகிறி அடுத்த சில நாள்ல இறங்கும், அதனாலதான் குழந்தைக்குப் பிறவியிலயே தைராய்டு குறைபாடு இருக்கான்னு பார்க்கற ஸ்கிரீனிங்கை முடிஞ்ச வரைக்கும் ரெண்டு நாள் கழிச்சு எடுக்கறாங்க. கர்ப்பிணிகளுக்கும் தனி அளவு, முதல் மூணு மாசத்துல இயல்பாவே குறையும். இவங்க யாரும் இந்தப் பதிவை வச்சு முடிவு பண்ண வேண்டாம்.

இப்ப ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல வைங்க

பெரியம்மாவோட 3.6 அபாட்ல வந்தது. 40 சதவீதம் கூட்டினா ரோச் கணக்குல ஏறக்குறைய 5. இது குத்துமதிப்புதான், சராசரி வித்தியாசத்தை ஒரு தனி ஆளு ரத்தத்துக்கு அப்படியே பொருத்த முடியாது, யாரும் இதைப் போட்டு டாக்டர்கிட்ட வாதாடாதீங்க. ஆனா எது எவ்வளவு இழுக்குதுன்னு புரிஞ்சுக்க உதவும். மீதி 5க்கும் 6.2க்கும் இருக்கற இடைவெளிக்கு காலை வெறும் வயிறு, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம்ங்கற வித்தியாசமே போதும். ஆக 6.2ல இருந்து 3.6க்கு ‘குணமாயிடுச்சு’ன்னு சொல்ல ஒண்ணுமில்ல, உடம்புல எதுவும் மாறியிருக்க வேண்டியதில்ல. அந்த 6.2வும் 80 தாண்டினவங்க எல்லையான 7.49க்கு உள்ளதான் இருக்கு.

டாக்டர் தைராய்டே சுரக்கற ஹார்மோனான ஃப்ரீ டி4 பார்த்தார், நார்மல். மாத்திரை எழுதலை, ரெண்டு மூணு மாசம் கழிச்சு முதல் லேப்லயே காலையில அதே நேரத்துக்கு எடுத்துட்டு வாங்கன்னார். இந்த வயசுல ஃப்ரீ டி4 சரியா இருந்து டிஎஸ்ஹெச் 10க்குக் கீழன்னா பொறுத்துப் பார்க்கறதுதான் ஐரோப்பிய தைராய்டு சங்க வழிகாட்டுதலும் சொல்றது. இதுவே குழந்தைக்கு முயற்சி பண்ற 28 வயசுப் பொண்ணுக்கு 6.2 வந்திருந்தா கதை வேற, டாக்டர் அதைச் சும்மா விட மாட்டார்.

பதிஞ்சு வைக்க எனக்குப் பிடிச்சது சாதா நோட்டுதான். தேதி, ரத்தம் எடுத்த மணி, சாப்பிட்டாச்சா, லேப், மெத்தட், நார்மல் அளவு, ரிசல்ட், ஒரு தடவைக்கு ஒரு வரி. ஹெல்த் ஆப் வேணாம்னு சொல்வேன், நான் பார்த்ததெல்லாம் ரெண்டு லேப் நம்பரை ஒரே கோட்டுல இணைச்சு அழகா கிராஃப் போட்டு பீதியைக் கிளப்புது.

அப்டேட் 1: நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா லேப் போனா என்னன்னு கமென்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தார். வேணாம். ராத்திரி உச்சத்தைத் தூக்கம்தான் அமுக்கி வைக்குது, முழிச்சிருந்தா இன்னும் மேல போகும், அந்த ஏத்தம் காலை சாம்பிள்லயும் தெரியலாம். லீவ் நாள்ல நல்லா தூங்கி எழுந்து போங்க.

அப்டேட் 2: முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடற ஒரு அக்காவுக்கு டிஎஸ்ஹெச் அடியில போய், ஃப்ரீ டி4 ஏறி, ஓவர் தைராய்டு மாதிரியே ரிப்போர்ட் வந்திருக்கு, ஆனா படபடப்பு, எடை குறையறது எதுவும் இல்ல. சில மெஷின்கள் பயோட்டினையே பசை மாதிரி பயன்படுத்தித்தான் ஆன்டிபாடியை ஒட்ட வைக்குது, ரத்தத்துல வெளிய இருந்து வந்த பயோட்டின் நிறைய இருந்தா அது அந்த இடத்தைப் பிடிச்சுக்கும், டிஎஸ்ஹெச் பொய்யா குறைஞ்சும் ஃப்ரீ டி4 பொய்யா ஏறியும் தெரியும். புது கிட்கள்ல இந்தத் தொல்லை குறைவு. முடி மாத்திரைல பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின் இருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டு டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்துங்க, லேப்லயும் சொல்லுங்க. தைராய்டு மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, அதை அன்னிக்குக் காலையில ரத்தம் குடுத்த பிறகு போட்டுக்கிட்டா போதும்.